சீட்டில் இருக்கும் இரண்டு எண்கள்

ஆசிரியருக்கு,

‘ஒரே மாடு, ஒரே தீவனம். காலையில் ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட். இது என்ன நியாயம்?’ என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பால் சொசைட்டியில் பரிசோதகராக இருந்தவன் நான். இந்தக் கேள்வியை வாரம் இரண்டு தடவையாவது கேட்டிருப்பேன்.

பாலுக்கு ரேட் போடுவது சீட்டில் இருக்கும் ஃபேட், எஸ்.என்.எஃப். என்ற இரண்டு எண்களை வைத்துத்தான். காலை பாலுக்கும் மாலை பாலுக்கும் ஃபேட், அதாவது கொழுப்பு, மாறுவது மாட்டின் இயல்பு. காலை ஐந்துக்கும் மதியம் மூன்றுக்கும் கறந்தால், பகலில் பத்து மணி நேரம்தான் இடைவெளி, இரவில் பதினான்கு. இடைவெளி கூடினால் பாலும் கூடும், ஆனால் கொழுப்பின் சதவீதம் குறையும். அதோடு, மடியிலிருந்து முதலில் வரும் பால் தண்ணீராகவும் கடைசியில் வருவது கெட்டியாகவும் இருக்கும். அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு, ‘எனக்கு ஃபேட் வரவில்லை’ என்று சண்டைக்கு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபேட் எல்லாம் கன்றின் வயிற்றில் இருக்கும்!

என்னைக் கேட்டால், ஃபேட்டைவிட அதிகம் குழப்புவது எஸ்.என்.எஃப்.தான். கொழுப்பையும் தண்ணீரையும் கழித்தால் மிஞ்சும் புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு இவைதான் அது. ‘இதரச் சத்து’ என்று போட்டிருப்பார்கள். பல சொசைட்டிகளில் இதை நேரடியாக அளப்பதில்லை. பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரின் அளவிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பார்கள். பரவலாக உள்ள ஒரு சூத்திரம் இது:

SNF = CLR/4 + 0.2 × Fat + 0.36

CLR என்பது வெப்பநிலையைச் சரிசெய்த லாக்டோமீட்டர் அளவு. கடைசியில் வரும் 0.36 இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். கொழுப்பு லேசானது, லாக்டோமீட்டரைத் தாழ வைக்கும். அதை ஈடுகட்டத்தான் நடுவில் ஃபேட் சேர்க்கப்படுகிறது.

இனி ஒரு மாலைப் பாலை எடுத்துக்கொள்வோம். ஃபேட் 4.4, உண்மையான லாக்டோமீட்டர் அளவு 28. ஏழு, 0.88, 0.36 சேர்த்தால் எஸ்.என்.எஃப். 8.24. இதே பாலைக் கறந்த சூட்டோடு கொண்டுவந்து, 32 டிகிரி வெப்பத்தில் அளக்கிறார்கள் என்று வையுங்கள். கருவியோ 27 டிகிரி வெப்பத்துக்குச் செய்யப்பட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அளவு ஏறக்குறைய 0.2 குறையும். ஐந்து டிகிரிக்கு ஒன்று. ஆக லாக்டோமீட்டர் 27 காட்டும். அதைச் சரிசெய்யாமல் எழுதிவிட்டால் எஸ்.என்.எஃப். 7.99! எட்டுக்குக் கீழே போனால் ரேட்டை வெட்டும் இடமாக இருந்தால், அந்தச் சூடு ஒன்றே போதும். (வெப்பமும் டிகிரி, லாக்டோமீட்டரும் டிகிரி. இந்தப் பெயர்க் குழப்பமே பாதிச் சண்டைக்குக் காரணம்.) நுரை அடங்காத பாலும் இதேபோல் ஏமாற்றும். மெஷினில் அளந்தாலும் காற்றுக் குமிழி இருந்தால் தப்பான எண்தான் வரும்.

பணக் கணக்கு இதுதான். ரேட் பால் ஒன்றியத்துக்கு ஒன்றாக இருப்பதால் உதாரணத்துக்கு, கொழுப்பு கிலோ 400 ரூபாய், இதரச் சத்து கிலோ 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ பாலில் 4.4 கிலோ கொழுப்பு, 8.24 கிலோ இதரச் சத்து. ஒரு கிலோ பாலுக்கு 17.60 கூட்டல் 18.13, மொத்தம் 35.73 ரூபாய். தப்பாக அளந்தால் 35.18. கிலோவுக்கு 55 காசு போயிற்று. வெட்டு இருந்தால் அது தனி.

நிஜமாகவே பாலின் தரம் இறங்கியிருந்தால், இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரியும். ஃபேட் 4.0, எஸ்.என்.எஃப். 8.5 என்று வந்தது 3.6, 7.65 ஆனால் இரண்டுமே பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. தண்ணீர் சேர்ந்திருக்கிறது, கேனைக் கழுவி வடிக்காமல் விட்டது உட்பட. ஃபேட் மட்டும் சரிந்தால் வைக்கோல், சோளத்தட்டை குறைந்து அடர்தீவனமோ இளம் புல்லோ அதிகமாகியிருக்கும். நார்தான் மாட்டு வயிற்றில் புளித்துக் கொழுப்புக்கு வழி செய்கிறது. எஸ்.என்.எஃப். மட்டும் இறங்கினால் வயிற்றுக்குத் தெம்பான தீவனம் பற்றவில்லை என்று அர்த்தம். கோடையில் வெறும் வைக்கோலைப் போட்டுக் கட்டிவைத்த மாடுகளில் இதைத்தான் பார்த்தோம். அல்லது மடிநோய் தொடங்கியிருக்கலாம். நான்கு காம்பிலும் முதல் பீச்சைத் தனித்தனியாகக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாக வந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்த வாசகருக்கு நான் சொல்வது: அடுத்த முறை சீட்டில் ஃபேட், எஸ்.என்.எஃப். மட்டும் பார்க்காமல், லாக்டோமீட்டர் அளவு எவ்வளவு, பாலின் வெப்பம் எவ்வளவு என்று கேளுங்கள். கலக்கிவிட்டுத்தான் சாம்பிள் எடுத்தார்களா என்றும் பாருங்கள். இந்த இரண்டு அளவுகளையும் சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்று சொசைட்டிப் பொதுக்குழுவில் கேட்கலாம். அச்சிடப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

ஒரு முன்னாள் பால் பரிசோதகர்,
நாமக்கல் மாவட்டம்