இரண்டு ஆஃபர் லெட்டரையும் படித்தேன்

அன்புள்ள செல்வம்,

சிறுசேரிக்காரன் 14 லட்சம், கிண்டிக்காரன் 12.6 லட்சம். சிடிசியை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதேடா, இணைப்புத் தாளைப் பிரித்துப் பார்.

சிறுசேரி 14 லட்சத்தில் 1.8 லட்சம் வேரியபிள். கிராஜுவிட்டி 27,000, இன்சூரன்ஸ் பிரீமியம் 15,000 இரண்டையும் அதிலேயே சேர்த்திருக்கிறான். இவை மூன்றையும் கழித்தால் நிச்சயமான பணம், கம்பெனி போடும் பிஎஃப் உட்பட, 11.78 லட்சம். கிண்டியில் வேரியபிள் கிடையாது, கிராஜுவிட்டியாக 24,000 மட்டும் போகும்; 12.36 லட்சம் நிற்கும். வேரியபிளில் மூன்றில் ஒரு பங்காவது வந்தால்தான் சிறுசேரி சமமாகும். போன இரண்டு வருஷம் உன் கிரேடுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்ஆரிடம் கேள். "பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்தது" என்று மழுப்பினால் பாதிக்கு மேல் கணக்கில் வைக்காதே. ஆனால் ஒன்று: கிண்டியில் பிஎஃப் மாதம் 1,800தான், சிறுசேரியில் 5,600. கையில் வருவதைச் செலவழித்துவிடும் ஆள் நீ.

எனக்கு உறுத்துவது சிறுசேரியின் 90 நாள் நோட்டீஸ். பைஅவுட் உண்டு என்று போட்டுவிட்டு, "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறான். அதாவது பணம் கட்டத் தயாராக இருந்தாலும் விடமாட்டேன் என்று சொல்லலாம். அடுத்த வேலை தேடும்போது 30 நாளில் வரக்கூடியவனைத்தான் பலரும் முதலில் பார்ப்பார்கள். ஜாயினிங் போனஸிலும் கவனம்: ஒரு வருஷத்துக்குள் விலகினால் முழு 1 லட்சத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும், உனக்கு வந்ததோ வரி பிடித்த தொகை. கையில் வந்ததை மட்டும் திருப்பினால் போதும் என்று மாற்றித் தரச் சொல்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு லோக்கல் ட்ரெயின். சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்தான். சாயங்காலம் ஒரு கான்ஃபரன்ஸ் கால் நீண்டு பஸ்ஸை விட்டால் கேப் காசு யார் தருவது என்று கேட்டுக்கொள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் நேரத்தில் போய்ப் பார்.

இன்சூரன்ஸில் அம்மா அப்பாவுக்குக் கவர் உண்டா, ஏற்கெனவே உள்ள சுகருக்கு முதல் நாளிலிருந்தே செல்லுமா, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பாலிசித் தாளில் பார். எச்ஆர் வாய்ச்சொல் போதாது.

கிண்டி சின்னக் கம்பெனி என்பதுதான் உன் பயம். epfindia.gov.in தளத்தில் Establishment Search என்று இருக்கிறது. பெயரைப் போட்டால் மாதாமாதம் எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பிஎஃப் கட்டினார்கள் என்று தெரியும். அடுத்த மாதம் 15க்குள் கட்ட வேண்டும். தொடர்ந்து தாமதமானாலோ, ஆள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கினாலோ காசு இறுக்கம் என்று அர்த்தம்.

வளர்ச்சி பற்றி ஒரே கேள்வி: இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? உள்ளேயே மேலே போயிருந்தால் நல்லது.

பிஎஃப் பக்கம் சுத்தமாக இருந்தால் நான் கிண்டி என்பேன். சிறுசேரி நோட்டீஸை 60 நாளாகக் குறைக்கச் சம்மதித்தால் மறுபடி பேசுவோம். அந்தப் பாலிசித் தாளை வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
ரவி