செயலாளர் ஆண்டறிக்கை: வில்லியனூர் தேரோட்டத்துக்கான பிரெஞ்சு உரை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களான வழிகாட்டி நண்பர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிக்கிறார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. அடையாள அட்டை புதுப்பிக்கும் வேலையும் முடிந்துவிட்டது. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை ஒரே வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்துக்குப் பிரெஞ்சுப் பயணிகளை அழைத்துப் போகும்போது நாம் சொல்லும் உரையை இந்த ஆண்டு புதிதாக எழுதினோம்.

பழைய உரையை எல்லோரும் அறிவோம். அது பிரெஞ்சு கவர்னரில் தொடங்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கிவைத்தார், இன்று அதே வழக்கப்படி துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார் என்பது செய்தி. உண்மையான செய்தி, கேட்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அதை முதலில் சொன்னால் பேச்சு உடனே காலனி ஆட்சிக்குப் போய்விடுகிறது. 1954-ல் என்ன நடந்தது, இங்கே இன்னும் பிரெஞ்சுக் குடிமக்கள் இருக்கிறார்களா என்று கேள்விகள் வரும். பதில் சொல்லி முடிப்பதற்குள் தேர் நகர்ந்துவிடும். பயணிகள் தேரைப் பார்த்திருப்பார்கள், ஆனால் எதைப் பார்த்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

புதிய உரை தேரின் நகர்வை ஒட்டிப் போகிறது. தேர் நிலையில் நிற்கும்போது ஒரு பகுதி, கிளம்பும்போது ஒன்று, மூலையில் நிற்கும்போது ஒன்று என மூன்று சிறு பகுதிகள். மொத்தம் சில நிமிடங்கள்தான். நாதசுரம், தவில், கூட்டத்தின் சத்தம் எல்லாம் இருக்கும் இடத்தில் அதற்கு மேல் பேசினால் யார் காதிலும் விழாது.

முதல் பகுதி கடவுளில் தொடங்குகிறது. 'ல தியூ சோர் த சோன் தாம்ப்ல்', அதாவது இறைவன் தன் கோயிலை விட்டு வெளியே வருகிறார். இந்த ஒரு வாக்கியம் போதும், பயணிகளுக்குத் திருவிழாவின் அடிப்படை பிடிபட்டுவிடும். அடுத்து, கருவறையில் இருக்கும் லிங்கம் அசையாதது, ஊர்வலத்துக்கென்றே தனியாக உற்சவமூர்த்தி உண்டு, கோயிலுக்குள் வர முடியாதவர்களும் இன்று தெருவில் தரிசிக்கலாம் என்று சொல்கிறோம். வைகாசி மாதம் கொடியேற்றத்தோடு விழா தொடங்கும், ஒன்பதாம் நாள் தேர். தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து நாள் குறிப்பதால் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு ஆண்டும் மாறும். இதை நாமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த ஆண்டும் இதே தேதிக்கு வரலாமா என்று கட்டாயம் கேட்பார்கள்.

'இதோல்' என்ற சொல்லை உரையில் எங்கும் பயன்படுத்தவில்லை. பிரெஞ்சுக் காதுக்கு அது பொய்த் தெய்வம் என்ற தொனியைத் தரும். 'ஸ்தாத்யூ' அல்லது 'திவினிதே' என்றே சொல்லுங்கள். தேரை முதல் தடவை 'க்ரான் ஷார் ஆன் ப்வா', பெரிய மரத்தேர், என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கியூபெக்கிலிருந்து வருபவர்களுக்கு வெறும் 'ஷார்' என்றால் வீட்டு வாசலில் நிற்கும் கார்.

இரண்டாம் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ரகார்தே லே ரூ', சக்கரங்களைப் பாருங்கள். பயணிகளின் கண் தானாகவே மேலே, தேர்ச்சீலைக்கும் தொம்பைக்கும் போகும். ஆனால் வேலை நடப்பது கீழே. இவ்வளவு பெரிய தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னால் வடம் இழுப்பவர்கள் வேகத்தை மட்டுமே தருகிறார்கள். நின்ற தேரைக் கிளப்பப் பின்சக்கரத்தில் நெம்புகட்டை கொடுக்கிறார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தை ஒட்டியே நடக்கும் முட்டுக்கட்டைக்காரர்கள். ஒரு பக்கச் சக்கரத்தடியில் கட்டை போட்டால் அந்தப் பக்கம் தடைப்படும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். கட்டை சற்றுத் தாமதமாக விழுந்தாலும் தேர் கோணிக்கொண்டு போகும். பெரிய ஆபத்தும் அவர்களுக்குத்தான். பூரி ஜகந்நாதர் தேர் பற்றிய பழைய ஐரோப்பியக் கதைகளைக் கேட்டுவிட்டு, பக்தர்கள் சக்கரத்தில் விழுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டைக்காரர்களைக் காட்டினாலே போதும்.

தெருவில் ஏன் மின்சாரம் இல்லை என்றும் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். கம்பிகளை நிறுத்துவதும் அகற்றுவதும் எதற்கு என்று அதைச் சொன்னால் விளங்கும்.

மூன்றாம் பகுதி மூலையில். தேர் திரும்ப நேரம் எடுக்கும், அப்போதுதான் கதைக்கு இடம் உண்டு. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனுக்குப் பூமியே தேரானது, சூரியனும் சந்திரனும் சக்கரங்களானார்கள், நான்கு வேதங்கள் குதிரைகளாயின, பிரம்மா தேரோட்டினார். சக்கரங்களைக் கூர்ந்து பார்த்த பிறகு இந்தக் கதையைக் கேட்பவர்கள் முகமே மாறுகிறது. கவர்னர் செய்தியையும் இங்கேதான் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு எவ்வளவு கேள்வி வந்தாலும் நேரம் இருக்கிறது.

இந்த ஆண்டு ஒரு குழுவில் பெல்ஜியத்திலிருந்து வந்த தம்பதியும், ரீயூனியன் தீவுக் குடும்பம் ஒன்றும் சேர்ந்திருந்தார்கள். பெல்ஜியக்காரர்களுக்கு உரை அப்படியே பொருந்தியது. ரீயூனியன் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அந்தத் தீவில் நிறையப் பேர். காவடியும் தீமிதியும் அவர்களுக்குச் சொந்த ஊர் விஷயம். மூத்த அம்மா ஒருவர் தேரைப் பார்த்ததும் கைகூப்பி நின்றுவிட்டார். அன்று வழிகாட்டியாகப் போன நம் உறுப்பினர் முதல் பகுதியை நிறுத்திவிட்டு, "உங்கள் ஊரில் தேர் எப்படி இழுப்பீர்கள், சொல்லுங்கள் அம்மா" என்று பிரெஞ்சில் கேட்டார். அந்த அம்மா சொல்ல, பெல்ஜியத் தம்பதி கேட்டுக்கொண்டார்கள். இது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. ஆகவே, குழுவில் யார் எந்த நாடு என்று பேருந்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை உரையின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டோம்.

எச்சரிக்கை வாக்கியங்கள் இரண்டை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 'ரக்யூலே, சில் வூ ப்ளே', பின்னால் போங்கள். 'பா தவான் லே ரூ', சக்கரத்துக்கு முன்னால் வேண்டாம். படம் எடுக்கும் ஆர்வத்தில் கட்டைக்காரர்களின் பாதையில் போய் நிற்பவர்கள் எப்போதும் உண்டு. வடத்தைத் தொட விரும்புபவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் கோயில்காரர்களிடம் நாம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு எழுத்தில் படிக்கச் சிரமப்படும் இளைய உறுப்பினர்களுக்காக உரையைத் தமிழ் எழுத்திலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். மூக்கொலிகள் தமிழ் எழுத்தில் முழுதாக வராது. ஆகவே மூத்தவர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

அடுத்த ஆண்டு வைத்திக்குப்பம் மாசிமகத் தீர்த்தவாரிக்கும், காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கும் இதே முறையில் உரை எழுதலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. மாங்கனித் திருவிழா வேலைக்குக் காரைக்கால்காரர் ஒருவராவது குழுவில் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அப்புறம், அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்