பம்பலப்பிட்டியில் பிடிக்கும் நாரி

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சாந்தினி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே சின்னவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று விடிய விடிய விளக்கை எரிக்கிறாள்; புத்தகம் திறந்திருக்கிறதா என்பதை மட்டும் நான் எட்டிப் பார்ப்பதில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கிய இரண்டு பைத்தியங்களில் ஒருத்திக்கு நாரி பிடித்தால் மற்றவளுக்கும் பிடிக்க வேண்டும் என்று விதியா என்ன? ஓடும்போது பிடித்த நாரிக்கு நான் என்ன செய்தேன் என்று நீ கேட்டதற்கு என் கதையை முழுவதும் எழுதுகிறேன். ஆனால் முடிவு வரை வாசி. உன் கடிதத்தில் இரண்டு வரி எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறுகளில் நான் ஓடும் பாதை உனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மரைன் டிரைவ் வழியாகக் கடலோரமாகவே கொள்ளுப்பிட்டி, அங்கிருந்து காலிமுகத்திடல், பிறகு அதே வழியில் திரும்பி, மீதித் தூரத்துக்கு வீட்டைத் தாண்டியும் ஓடுவது. போகும்போது ஒன்றுமே இருக்காது. திரும்பி வரும்போது, பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தை நெருங்கினால் போதும், கீழ்முதுகில் இரண்டு பக்கமும் யாரோ பட்டி கட்டி இறுக்குவது போலிருக்கும். அது கிட்டத்தட்ட பத்தாவது கிலோமீற்றர். நடந்தால் ஐந்து நிமிடத்தில் இளகும், ஓடினால் மீண்டும் பிடிக்கும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு எழுந்தால் இருந்த இடமே தெரியாது.

இறுக்கம் என்றால் தசை குறுகிவிட்டது, இழுத்துவிட்டால் சரியாகும் என்று நினைத்தேன். கடற்கரைக் கம்பியைப் பிடித்துக் குனிந்து குனிந்து மூன்று மாதம் இழுத்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடச் சுகம், அவ்வளவுதான். கடைசியில் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என்னைக் குனியச் சொன்னார். உள்ளங்கை தரையைத் தொட்டது. “இதில் எங்கே குறுகியிருக்கிறது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். களைத்துப்போன தசையும் இறுகியது போலத்தான் உணர்த்தும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு மேசை விளிம்பில் இடுப்பு வரை குப்புறப் படுக்க வைத்து, கால்களைப் பட்டியால் கட்டி, மேலுடலை அந்தரத்தில் தரைக்கு இணையாகப் பிடிக்கச் சொன்னார். 1984இல் டென்மார்க்கைச் சேர்ந்த பியரிங்-சோரன்சன் என்பவர் தன் ஆய்வில் பயன்படுத்திய சோதனை அது. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. நான் 48 விநாடியில் விழுந்துவிட்டேன். முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலைத் தூக்கிப் பிடிக்கும் பிளாங்க்கில் வலப்பக்கம் 50 விநாடி, இடப்பக்கம் 31. நேராகச் செய்யும் பிளாங்க்கை மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தேன். அதை வைத்துத்தான் இத்தனை நாளும் எனக்கு நல்ல உறுதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்கு இருந்தது, முதுகுக்கும் பக்கங்களுக்கும் இல்லை.

18 கிலோமீற்றர் ஓட எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதில் ஏறத்தாழ 20,000 அடிகள். ஒவ்வோர் அடியிலும் ஒற்றைக் காலில் நிற்கிறோம், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியப் பார்க்கிறது. சரியாமல் பிடிப்பவை ஊன்றிய காலின் பிட்டத் தசையும் உடலின் பக்கவாட்டுத் தசைகளும். ஓர் அடிக்குத் தேவையான பலம் மிகச் சிறியது. அதை இரண்டு மணி நேரம் விடாமல் கொடுப்பதுதான் கடினம். அந்தத் தசைகள் களைத்ததும் கீழ்முதுகு தன் வேலையோடு அவற்றின் வேலையையும் சேர்த்து இழுக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மூத்தவளை மரைன் டிரைவில் நிறுத்தி, பக்கத்திலிருந்து தொலைபேசியில் வீடியோப் படம் எடுக்கச் சொன்னேன். மூன்றாவது கிலோமீற்றரில் ஒன்று, பதினைந்தாவதில் ஒன்று. இரண்டாவதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, விலா எலும்பு முன்னே தள்ளி, இடுப்பு தண்ணீர்ச் சட்டியைச் சரித்தது போல முன்பக்கம் கவிழ்ந்து, கால் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுகிறது. களைக்கும்போதெல்லாம் “நிமிர்ந்து ஓடு, நிமிர்ந்து ஓடு” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதன் பலன் அது. நெஞ்சைத் தூக்கினால் நிமிர்வது போலத் தோன்றும். உண்மையில் கீழ்முதுகுதான் வளைகிறது.

படத்தில் அடிகளையும் எண்ணினேன். வலக்கால் மட்டும் 30 விநாடிக்கு எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். தொடக்கத்தில் 41, அதாவது நிமிடத்துக்கு 164. கடைசியில் 39, அதாவது 156. வேகம் குறையவில்லை, ஆகவே ஒவ்வோர் அடியும் நீண்டிருக்கிறது. நீண்ட அடி என்றால் கால் தூரப்போய் விழும், அதிர்ச்சியும் கூடும்.

திருத்தியவை இரண்டே. முதலாவது, வாயால் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, விலா எலும்பு எவ்வளவு இறங்குகிறது என்று கவனித்து, அந்த இடத்திலேயே அதை வைத்துக்கொண்டு ஓடுவது. முன்சாய்வு வேண்டுமென்றால் கணுக்காலிலிருந்து முழு உடலும் சாய வேண்டும், இடுப்பில் மடியக் கூடாது. இரண்டாவது, அடிகளை 43க்கு உயர்த்தி, அடியைக் குறுக்கியது. இது கிட்டத்தட்ட 5 சதவீத உயர்வு. அதற்கு மேல் ஆசைப்படாதே, கெண்டைக்கால் பழிவாங்கும். பட்டியும் ஒன்று உண்டு: தண்ணீர்ப் போத்தல் தொங்கும் அந்த இடுப்புப் பட்டியை நான் எறிந்துவிட்டேன். அது நேராக நோகும் இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. இப்போது கையில் பணம், வழியில் செவ்விளநீர்.

பயிற்சி மூன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்தவை. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடித்து, கீழ்முதுகின் கீழ் கைகளை வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது, பக்கவாட்டுப் பிளாங்க், நான்கு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றையும் 10 விநாடி மட்டுமே பிடித்து விட வேண்டும். முதல் சுற்றில் 6 தடவை, அடுத்து 4, கடைசியில் 2. பழகியதும் தடவைகளைக் கூட்டலாம், விநாடிகளை அல்ல. நீளப் பிடித்தால் தசைக்குள் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, நிலை குலைந்து, தப்பாகப் பழகிவிடுவோம். எனக்கு இடப்பக்கம் பின்தங்கியதால் பக்கவாட்டுப் பிளாங்க்கை அந்தப் பக்கத்தில் தொடங்கி, ஒரு தடவை அதிகமாகச் செய்தேன். வாரத்தில் ஐந்து நாள், மாலையில், பதினைந்து நிமிடம். எழுந்த உடனே குனிந்து காலைத் தொடும் என் பழைய வழக்கத்தைப் பிசியோதெரபிஸ்ட் நிறுத்தச் சொன்னார். இரவில் முள்ளந்தண்டின் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவது அவற்றுக்கு ஆகாது.

ஓட்டத்தையும் குறைத்தேன். 12இலிருந்து 18க்கு மூன்றே வாரத்தில் தாவியது என் புத்தி. ஆகவே முதல் மூன்று வாரம் இறுக்கம் தொடங்கும் எல்லைக்குள்ளேயே நின்றேன், பிறகு வாரத்துக்கு ஒரு கிலோமீற்றர். பத்து வாரத்துக்குப் பிறகு 16 வரை வந்தாயிற்று. காற்றே இல்லாத புழுக்கமான நாளில் கடைசி இரண்டு கிலோமீற்றரில் இன்னும் லேசாகப் பிடிக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுப் பிளாங்க் இப்போது வலப்பக்கம் 62, இடப்பக்கம் 58. அதுதான் குணமாக்கியதா, குறைத்த தூரமா, அடிக்கணக்கா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. பலமான வயிறும் முதுகும் உள்ளவர்களுக்கும் நாரி நோகிறது என்று அந்தப் பிசியோதெரபிஸ்டே சொன்னார்.

இனி உன் விஷயம். என்னுடையது இரண்டு பக்கமும் பரவியது, களைப்போடு வந்து ஓய்வோடு போனது. நீ எழுதியதோ, “இடப்பக்கம் மட்டும், பிட்டத்துக்கு மேலே, ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம்.” அடுத்த வரியில், “படியிறங்கும்போதும் இடக்காலில் நின்று சப்பாத்துப் போடும்போதும் குத்துகிறது, இரண்டு நாள் இருக்கிறது.” இவைதான் எனக்குப் பிடிக்காத இரண்டு வரிகள். முள்ளந்தண்டின் அடி எலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடம் அது. நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு அங்கே மயிரிழை வெடிப்பு வரலாம். உனக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. எலும்பின் அடர்த்தி குறையும் காலம். என் மூன்று பயிற்சியைச் செய்து கொண்டு நீ ஓடிப் பார்க்கவே கூடாது. ஒற்றைக்காலில் குதித்துச் சோதிப்பதும் வேண்டாம்.

ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரமே வைத்தியரிடம் போ. தூரம், நாள், மாதவிடாய் நின்றது, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோ. முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். இத்தகைய வெடிப்பு தொடக்கத்தில் அதில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். “எக்ஸ்ரே சுத்தம்” என்றதும் மகிழ்ந்து ஓட்டத்துக்குத் திரும்பிவிடாதே, எலும்பு அடர்த்திச் சோதனை தேவையா என்றும் கேள். வெறும் தசைப்பிடிப்பு என்று அவர் சொன்னால் சந்தோஷம், என்னைத் திட்டிக்கொள்.

இடையில் கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் இழுபட்டாலோ, சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ முடியாவிட்டாலோ, மறைவிடம் மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போ, மறுநாள் வரை காத்திருக்காதே. காய்ச்சலோடு நாரி நோவு வந்தாலும், படுத்தாலும் இரவெல்லாம் ஓயாமல் நோவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

உன் மருமகன் காலையில் எழுந்தால் முக்கால் மணி நேரம் முதுகு வளையாது, ஓடினால் சரியாகிறது என்று போன கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாய். 24 வயதுப் பையனுக்கு மூன்று மாதத்துக்கு மேல் அப்படி இருந்தால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம். ஓடினால் குறைகிறது என்பதாலேயே அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறார்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போ.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அழைப்பேன். யாரைப் பார்க்க எந்த நாளுக்குப் பதிவு செய்தாய் என்று அப்போது சொல்ல வேண்டும். சின்னவள் மீண்டும் விளக்கை எரிக்கத் தொடங்கிவிட்டாள், நான் போய்ப் படுக்கிறேன்.

அன்புடன்,
மைதிலி