பிரிவு மடலுக்கு ஒரு விருத்தம்: தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விட்டுப் போகும் தோழருக்கு நீ எழுதிய வரிகளைப் படித்தேன். ‘ஓடும், கூடும், பாடும்’ என்று வரிக் கடைசியெல்லாம் ஒலிக்கிறது. ஆனாலும் வாசிக்கும்போது நாக்கு தடுக்குகிறது. கடைசியில் வரும் ஒத்த ஒலி இயைபு. தமிழ்ச் செய்யுளின் காது முதலில் தேடுவது அதையல்ல, வரியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையை.

நான்கே வரியில் முடிக்க, அறுசீர் விருத்தம் எடுத்துக்கொள். வெண்பா இப்போது வேண்டாம். ஒவ்வொரு சீரும் அடுத்த சீரோடு தளை பிசகாமல் சேரவேண்டும், பழக்கமில்லாத கைக்கு அது நாள்கணக்கில் இழுக்கும். விருத்தத்தில் ஒரு வரியின் அச்சைப் பிடித்துவிட்டால் மற்ற மூன்றும் அதே அச்சுதான்: விளம், மா, தேமா, மறுபடி விளம், மா, தேமா.

சீரை அசைகளாகப் பிரிக்கத் தெரிந்தால் இது எளிது. தனிக் குறிலோ நெடிலோ நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. பின்னால் வரும் மெய்யெழுத்துக்குக் கணக்கில்லை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம்: நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். ‘மா’ என்ற இடத்தில் தேமாவும் வரலாம், புளிமாவும் வரலாம். மூன்றாம், ஆறாம் இடங்களில் மட்டும் தேமாவே வரவேண்டும். அங்கேதான் குரல் இறங்கி நிற்கும்.

எதுகையைக் கற்பனையில் தேடாதே. அந்த மனிதரைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் தேடு. உன் குறிப்பில் மூன்று செய்திகள் இருந்தன: சிக்கலான கோப்புகளைத் தீர்ப்பார், கூப்பிடுமுன் உதவிக்கு வருவார், சாப்பாட்டு நேரத்தில் சிரிக்க வைப்பார். கோப்பு, கூப்பிடு, சாப்பிடு: மூன்றிலும் முதலெழுத்து நெடில், இரண்டாம் எழுத்து ‘ப்’. எதுகை அங்கேயே உட்கார்ந்திருந்தது! நாலாவதாக ‘யாப்பு’ சேர்ந்தது.

கோப்பினைத் தொட்டால் போதும்
குழப்பமே விலகி ஓடும்
கூப்பிடும் முன்பே வந்து
குறைவிலா உதவி செய்தீர்
சாப்பிடும் வேளை யெல்லாம்
சலிப்பறச் சிரிக்க வைத்தீர்
யாப்பினில் கட்டித் தந்தோம்
யாவரும் அன்பு மாலை

இரண்டிரண்டாக மடித்து எழுதியிருக்கிறேன், நான்கு அடிதான். முதலடியைப் பிரித்துப் பார்: கோப்/பினைத் (கூவிளம்), தொட்/டால் (தேமா), போ/தும் (தேமா), குழப்/பமே (கருவிளம்), வில/கி (புளிமா), ஓ/டும் (தேமா). ‘ஓடும்’ இருக்கும் இடத்தில் ‘நகரும்’ என்று போட்டுப் பாடு. நக/ரும் புளிமா, முடிவில் ஓசை இடறும். இரண்டாம் அடியில் ‘முன்னரே வந்து’ என்றால் முன்/னரே விளமாகிவிடும், ‘மா’ வரவேண்டிய இடம் அது. பொருள் ஒன்றுதான், ‘முன்பே’ என்றால் சரியாகிவிடுகிறது. இப்படி ஒத்த பொருளுள்ள சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

‘வேளை யெல்லாம்’ என்று பிரித்திருப்பதைத் தட்டச்சு செய்கிறவர் பிழையென்று நினைத்துச் சேர்த்துவிடுவார். சேர்த்தால் வே/ளையெல்/லாம் என மூவசையாகி, எந்த இடத்திலும் பொருந்தாது. அச்சாகும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடு.

எதுகையில் பலர் சறுக்கும் இடம் முதலெழுத்தின் அளவு. ‘கோப்பினை’க்கு ‘தப்பிலா’ என்று எழுதினால் ‘ப்’ ஒத்துவந்தாலும் காது ஏற்காது; நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில். முதலெழுத்து ஒத்துவரும் மோனையை முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் இடையே வை: கோ–கு, கூ–கு, சா–ச, யா–யா. கோவுக்குக் கு எப்படி என்று கேட்பாய். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். அதேபோல அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம்.

பெயரைச் சேர்க்க ஆசையிருந்தால் முதலில் அசை பிரி. ‘மாலதி’ கூவிளம், அடியின் தொடக்கத்திலேயே உட்காரும். அப்போது எதுகை ‘ல’வுக்கு மாறும்: காலையில், வேலையில், பாலமாய் என்று சொற்கள் தாராளமாகக் கிடைக்கும். ‘முருகன்’ புளிமா, இரண்டாம் அல்லது ஐந்தாம் இடம்தான் அதற்கு. ‘ராஜேந்திரன்’ மூவசை, எங்கும் அடங்காது. உடைத்துத் திணிக்காமல் பெயரைத் தலைப்பில் போட்டுவிடு.

பாட்டில் மொத்தம் இருபத்துநான்கு சீர். மூன்று செய்தியும் ஒரு வாழ்த்தும்தான் கொள்ளும். நாலாவது செய்தி இருந்தால் இன்னொரு விருத்தம் எழுது, எதுகையும் புதிதாக.

அன்புடன்,
அண்ணன்