கிணற்றடிக் கற்றாழைக்கு இப்போது தண்ணீர் வேண்டாம், அம்மா

டொராண்டோ,
ஜூன் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மின்கம்பிக்காக வேப்பங்கிளைகளை வெட்டியபின் கிணற்றடிச் சோற்றுக்கற்றாழை செம்பழுப்பாகி, மடல்கள் மெலிந்துவிட்டதாகவும், அத்தை தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுப் போலந்துப் பாட்டியின் கற்றாழைக்கும் இதே நிலைதான். டிசம்பரில் இங்கே பகல் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்தான். அப்போது அதை அவர் ஜன்னலுக்கு எட்டாத அலமாரியில் வைத்திருந்ததால், நிமிர்ந்து நிற்க வேண்டிய மடல்கள் வெளிச்சமில்லாமல் நான்கு புறமும் தட்டையாகச் சாய்ந்துவிட்டன. நலம் விசாரித்தபடியே ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரும் ஊற்றினார். மே மாதம் வெயில் வந்ததும் நேரே பால்கனியில் வைக்க, ஒரே வாரத்தில் சிவந்துவிட்டது.

நான் மடலை அழுத்திப் பார்த்தேன். கொழகொழவென்று இல்லாமல் உறுதியாக இருந்ததால், சிவப்பு அழுகல் அன்று, திடீர் வெயிலுக்குச் செடி தானே போர்த்திக்கொண்ட நிறம் என்று தெரிந்தது. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே மடல் மெலிந்து உள்ளே சுருண்டிருந்தது. வேர் அழுகினால் எவ்வளவு ஊற்றினாலும் செடியால் குடிக்க முடியாது. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது கறுத்த வேர்கள் கையோடு வந்தன. அவற்றை நறுக்கிவிட்டு, நிழலில் நான்கு நாள் உலர்த்தி, துளையுள்ள சிறிய மண்தொட்டியில் பாதி மண், பாதி பருமணல் கலந்து நட்டேன். ஒரு வாரம் தண்ணீரே காட்டவில்லை. தவறி ஒடிந்த மடலில் வடிந்த மஞ்சள் பாலின் நெடி, வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் தலைக்குத் தேய்த்துவிடும் கற்றாழைச் சோற்றை நினைவூட்டியது. அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இப்போது அது காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கிறது. வெயில் நேரத்தை மெல்லமெல்லக் கூட்டுகிறோம். குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, காய்ந்து வந்தால் மட்டும் அடித்துளையில் வழியுமளவு நீர். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை போதும். இரவு பத்து டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிட வேண்டும். சாய்ந்த பழைய மடல் மீண்டும் நிமிராது; நடுக்குருத்து பச்சையாக, நேராக வருகிறதா என்பதையே பாருங்கள். நம் வாசலில் மண்ணே இல்லாமல் தலைகீழாய்த் தொங்கும் கற்றாழை மாதக்கணக்கில் பிழைப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, தன் மடலிலேயே நீர் வைத்திருக்கும் செடி அது.

கிணற்றடியில் வேரருகே தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேர் உறுதியாக இருந்தால், கிளை துளிர்க்கும்வரை மதியவெயிலுக்கு ஓலை மறைப்புப் போதும். கறுத்திருந்தால் பக்கக்கன்றுகளைப் பிரித்து மேட்டில் நடுங்கள்.

தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை இந்த மாதம் இருபதாம் தேதிக்குப் பதில் மாதக்கடைசியில் அனுப்புகிறேன், கவலை வேண்டாம். பம்ப்செட் பழுதுக்கு மாமாவிடம் வாங்கியது எவ்வளவு என்றும், சித்தப்பா பட்டாவில் கையெழுத்துப் போட்டாரா என்றும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன் குமார்