உள்ளங்கையை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்ட காமாலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்ட தம் குழந்தையைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தார். தினமும் கேரட்டும் பப்பாளியும் மசித்துக் கொடுப்பதாக அவரே தம் கேள்வியில் எழுதியிருந்தார். அதற்குத் தங்கள் பகுதியில் வெளியான பதில், "உள்ளங்கை மஞ்சளாவது மஞ்சள் காமாலையின் முதல் அடையாளம், தாமதிக்காமல் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்பது. அந்தத் தாய் கொடுத்த உணவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழந்தையின் கண் எப்படி இருக்கிறது என்ற கேள்வியும் இல்லை. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வரிவிடாமல் படித்துவருகிறவள் என்ற உரிமையில், அந்த ஒரு வாக்கியம் என்னை எவ்வளவு வருத்தியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கியபோது, அவள் முகம் சுளிக்காமல் விழுங்கியவை கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி ஆகிய மூன்று மட்டுமே. வேகவைத்து மசித்த கேரட்டை நாள்தோறும் இரண்டு வேளை கொடுத்தேன். ஒன்பதாம் மாதத்தில் அவளுடைய மூக்கின் நுனியும், சிரிக்கும்போது மூக்கின் இரு பக்கமும் விழும் மடிப்பும், உள்ளங்கையும் உள்ளங்காலும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் காமாலை என்றார்கள். முதலில் காட்டிய மருத்துவமனையில் ஒரே வாரத்தில் இரண்டு முறை இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு கையில் நரம்பு கிடைக்காமல் அவள் அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. இரண்டு முறையும், காமாலையில் மிகும் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினின் அளவு சரியாகவே இருந்தது. ஆனாலும் ஏன் மஞ்சள் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

சொன்னவர் இரண்டாவதாகப் பார்த்த ஒரு முதிய குழந்தை மருத்துவர். அவர் என் மகளைச் சன்னல் ஓரமாகத் தூக்கிச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறுத்தினார். கிலுகிலுப்பையை மேலே காட்டி அவளை அண்ணாந்து பார்க்க வைத்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே காட்டி, மேல் இமையை உயர்த்தி, வழக்கமாக இமைக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் பார்த்தார். நாக்கின் அடிப்புறத்தைப் பார்த்தார். சிறுநீர் துணியில் கறை விடுகிறதா, மலம் வெளுத்துப் போகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அதன் பிறகே, "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. கண் பால்போல் வெள்ளையாக இருக்கிறது, இது கேரட்டின் நிறம், உணவை மாற்றிக் கொடுங்கள், மறைய வாரங்கள் ஆகும், அதுவரை கலங்காதீர்கள் என்றார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நிறம் மறைந்தது.

அவர் எனக்கு விளக்கியதைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். தாங்கள் அறியாதது அன்று; ஆனால் தங்கள் பக்கத்தில் இதுவரை வரவில்லை. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். உடல் தனக்குத் தேவையான அளவை மட்டுமே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் இப்படி மஞ்சளானவர்களுக்கு உணவிலிருந்து வந்த கரோட்டினால் வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை. மிஞ்சியது இரத்தத்தில் சுற்றி, வியர்வையோடும் தோலின் எண்ணெய்ப்பசையோடும் வெளியேறுகையில் தோலின் மேலுள்ள தடித்த படலத்தில் தங்கிவிடுகிறது. அந்தப் படலம் மிகத் தடிப்பாக இருக்கும் இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் அத்தகைய படலமே இல்லை. ஆகவே கை எவ்வளவு மஞ்சளானாலும் கண் வெள்ளையாகவே இருக்கிறது. மசித்து வேகவைத்த காயிலிருந்து கரோட்டின் பச்சைக் காயைவிட எளிதாக உடலில் சேர்வதால், கைக்குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. இதற்குக் கரோட்டினீமியா என்று பெயர். 1919இலேயே ஹெஸ், மையர்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் இதை ஒரு தனி நிலையாக மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் பழகிய செய்தி தங்கள் பதிலில் இடம்பெறாமல் போனதே என் வருத்தம்.

காமாலையில் நடப்பது வேறு. அதில் இரத்தத்தில் மிகுவது பிலிருபின். கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் அதை மூடிய மெல்லிய சவ்விலும் உள்ள மீள்நார்ப் புரதத்தோடு அது நன்றாகப் பற்றிக்கொள்கிறது. நலமாக இருப்பவரின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் வரைதான் பிலிருபின் இருக்கும். அது 2.5 அல்லது 3 மில்லிகிராமைத் தொடும்போது கண் மஞ்சளாகத் தெரியத் தொடங்குகிறது. தோல் மஞ்சளாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மாநிறமோ கறுப்போ ஆன தோலில் அந்த மஞ்சள் எளிதில் கண்ணுக்குப் படுவதும் இல்லை. 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்று நம் பழமொழிகூட இந்த நோயைக் கண்ணோடுதான் சேர்த்துவைத்திருக்கிறது. தங்கள் பக்கத்தில் அச்சான வண்ணப் படமோ இரண்டு உள்ளங்கைகளை மட்டும் காட்டியது.

இது ஒரு முறை நேர்ந்த பிழை என்றால் பொறுத்திருப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கேரட் சாற்றின் நன்மைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையின் முடிவில், "தொடர்ந்து அருந்துவோருக்கு உடல் சற்று மஞ்சளாகலாம், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை" என்று ஒரு வரி இருந்தது. அங்கும் கண்ணைப் பற்றிப் பேச்சில்லை. என் தம்பி அப்போது நாள்தோறும் ஒரு பெரிய குவளை கேரட் சாறு குடித்துவந்தான். உடல் மஞ்சளாகத் தொடங்கியதும் அந்தக் கட்டுரையைத்தான் எங்களுக்கு எடுத்துக் காட்டினான். உடம்பெல்லாம் அரித்தது, தோல் வறட்சி என்றான். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. தண்ணீர் போதவில்லை என்றான். மலம் களிமண்போல் வெளுத்ததை வெட்கத்தால் சொல்லவே இல்லை. கண்ணைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டதாகவும் வெள்ளையாகத்தான் இருந்ததாகவும் சாதித்தான். அவன் பார்த்தது இரவில், குளியலறையின் மஞ்சள் விளக்கில். அந்த ஒளியில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதை நாங்கள் எவரும் எண்ணவில்லை.

பத்து நாள் கழித்து அவன் எங்கள் வீட்டுக்குப் பகலில் வந்தான். வாசல் வெளிச்சத்தில் அவன் நிமிர்ந்து பார்த்ததுமே எனக்கு நெஞ்சு பதறியது. இரு கண்களின் வெள்ளையும், இமைக்குள் மறையும் பகுதி வரை, ஒரே சீராக மஞ்சள் பூத்திருந்தது. கையைப் பார்த்தேன், என் மகளின் கையில் நான் கண்ட ஆரஞ்சு அதில் இல்லை. பரிசோதனையில் பிலிருபின் 8 மில்லிகிராம். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தது. பித்தம் குடலுக்குப் போக முடியாததால் மலம் வெளுத்தது. இரத்தத்தில் தேங்கிய பிலிருபின் சிறுநீரில் இறங்கியதால் அது கறுத்தது. உள்நோக்கிக் குழாய் வழியே கல்லை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். அடைபட்ட பித்தத்தில் கிருமி தொற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். இதையெல்லாம் அப்போதே தங்களுக்கு மூன்று பக்கத்தில் எழுதினேன். 'கட்டுரை பயனுள்ளதாக இருந்தது' என்ற என் முதல் வரியை மட்டும் வாசகர் பகுதியில் அச்சிட்டீர்கள்.

ஒரு முறை அஞ்சாதீர்கள் என்றீர்கள், இம்முறை அஞ்சுங்கள் என்கிறீர்கள். இரண்டு முறையும் கண்ணைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. என் வீட்டில் ஒரு குழந்தை தேவையில்லாமல் ஊசிக்கு அழுததும், ஒரு பெரியவன் தேவையான நேரத்தில் மருத்துவரிடம் போகாமல் இருந்ததும் அந்த ஒரு விடுபடலால்தான்.

கண்ணைப் பார்ப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் கருவிழியை ஒட்டிய வெள்ளையில் பழுப்பாகவோ மஞ்சளாகவோ சிறு திட்டு இருப்பதுண்டு. அது ஒரு பக்கமாக, திட்டாக இருக்கும், இமைக்குள் மறைந்த பகுதி வெள்ளையாகவே இருக்கும். கண் வெள்ளையாக இருப்பதாலேயே கல்லீரலில் எந்தக் குறையும் இல்லை என்று ஆகிவிடாது. பிலிருபின் சற்றே கூடியிருந்தால் கண்ணில் தெரியாது. மஞ்சள் காய்கனிகளை அதிகம் உண்ணாதவருக்கு உள்ளங்கை மஞ்சளானால், கண் வெள்ளையாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்; தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, சில சிறுநீரக நோய்கள் ஆகியவற்றிலும் கரோட்டின் உடலில் தேங்கும். இன்னும் திட உணவே தொடங்காத பச்சிளங்குழந்தை மஞ்சளானால் கேரட் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றே காட்ட வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், நான்கு வரித் திருத்தம் ஒன்று வெளியிடுங்கள்: பகல் வெளிச்சத்தில் குழந்தையின் கண்ணின் வெள்ளையையும், சிறுநீர், மலம் ஆகியவற்றின் நிறத்தையும் பார்க்கும்படியும், எப்படியிருப்பினும் ஒரு முறை மருத்துவரிடம் நேரில் காட்டும்படியும் அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள். கைகளின் படத்தோடு கண்ணின் படம் ஒன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட இடமில்லாவிட்டால் பாதகமில்லை, அந்தத் திருத்தம் வந்தால் போதும். வெளியிடுவதானால் முதல் வரியோடு நிறுத்திவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி