மனசுக்குள்ள பத்து எண்ணு

கும்பகோணம்
செவ்வாய்க்கிழமை ராத்திரி

அன்புள்ள கவிக்கு,

அம்மா எழுதறேன். பத்து நாளா நீ போன் எடுக்கல. அன்னிக்கு வீடியோவுல "பிள்ளை புதுசா என்ன பேசறான்"னு கேட்டேன், "சார்ஜ் இல்லம்மா"ன்னு வெச்சுட்ட. உன்மேல வருத்தம் இல்ல. ஆனா சொல்ல வேண்டியது சொல்லாம கிடந்தா எனக்குத் தூக்கம் வரல.

இங்க எல்லாரும் சுகம். மோட்டார் சரியாயிடுச்சு. பெரியத்தை முழங்கால் வலியோட வந்து ஒரு வாரமா இருக்கா. வேற விசேஷம் இல்ல.

பொங்கலுக்கு வந்தப்போ ஒருநாள் செழியன் என் விரலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் ஃப்ரிட்ஜ் கதவுல என் கையை வெச்சான். வெச்சுட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நான் சட்டுனு கதவைத் திறந்து பாலை எடுத்துட்டேன். அது என் தப்பு. அந்த நிமிஷம்தான் அவனுக்குச் சொல்லு வர்ற நிமிஷம். நீயும் அப்படித்தான்மா. அவனுக்குத் தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே உன் கையில டம்ளர் இருக்கு. வேலையையும் பார்த்துக்கிட்டு உன்னளவுக்குப் பிள்ளையைக் கவனிக்கிறவங்களை நான் பார்த்ததில்ல. ஆனா கேட்கறதுக்கு முன்னாடியே எல்லாம் கிடைச்சா, அவன் எதுக்குக் கேட்கணும்?

ஒரு வாழைப்பழத்தை எட்டு வில்லையா நறுக்கு. தட்டை அவனுக்குத் தெரியற மாதிரி, எட்டாத இடத்துல வை. நீ தரையில உட்காரு, உன் வாய் அவன் கண்ணுக்கு நேரா இருக்கணும். முதல் வில்லையைச் சும்மா குடுத்துடு. ரெண்டாவதை உன் முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறக்காம மனசுக்குள்ள பத்து எண்ணு. பத்து எண்றது ரொம்ப நீளமா இருக்கும், பொறுத்துக்கோ. அவன் உன்னைப் பார்ப்பான், கையை நீட்டுவான், "ம்"னு ஒரு சத்தம் போடுவான். எது செஞ்சாலும் அவன் கேட்டாச்சுன்னு எடுத்துக்கோ. "இன்னும்"னு ஒரே ஒரு சொல்லு சொல்லிக் குடுத்துடு. ஒண்ணுமே செய்யலைன்னாலும் பத்து முடிஞ்சதும் சொல்லிட்டுக் குடு. "சொன்னாத்தான் தருவேன்"னு மட்டும் பிடிச்சு வெச்சுக்காதே. அப்போ பழமும் வேணாம் பேச்சும் வேணாம்னு ஆயிடும். ஒரு பழத்துல அந்தச் சொல்லு ஏழு தடவை அவன் காதுல விழும். அதுக்குத்தான் சின்னச் சின்னதா நறுக்கச் சொல்றேன்.

இதே மாதிரிதான் பருப்பு கடையற விளையாட்டும். உள்ளங்கையில கடைஞ்சு, எல்லாருக்கும் பங்கு குடுத்து, கையில ஊர்ந்து போய்க் கிச்சுக்கிச்சு மூட்டறதுக்கு ஒரு விரக்கடை முன்னாடி நிறுத்திடு. நிறுத்திட்டுப் பாரு. அடுத்து என்னன்னு அவனுக்குத் தெரியும், அதனால அவனே ஏதாவது சொல்லித்தான் உன் விரலை ஓட வைப்பான். உனக்கும் தம்பிக்கும் தாத்தா விளையாடினதுதான்.

குளிப்பாட்டும்போது "இது என்ன? இது என்ன கலர்?"னு மாப்பிள்ளை கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஆசையிலதான் கேட்கறாரு, அவர்கிட்ட பக்குவமா சொல்லு. இருபத்தாறு வருஷம் அங்கன்வாடியில பிள்ளைங்களோட இருந்தவ நான். கேள்வி கேட்கக் கேட்க, பேச வராத பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கும். கேட்கறதுக்குப் பதிலா, நடக்கறதைச் சொல்லுங்க. "தண்ணி. ஊத்து. தலையில ஊத்து." அவன் "ணி"ன்னு சொன்னா, "ணி இல்லடா, தண்ணி"ன்னு திருத்த வேணாம். "ஆமா, தண்ணி ஊத்து"ன்னு அவன் சொன்னதோட ஒரு சொல்லு கூட்டிக் குடுங்க, போதும். கலரும் மிருகமும் அப்புறம் வரட்டும். தா, வா, திற, ஊத்து, போச்சு, வேணாம், இதெல்லாம்தான் முதல்ல வேணும். வெறும் பேரை வெச்சுக்கிட்டு ரெண்டு சொல்லு சேர்க்க முடியாதில்லையா. "காக்கா"வோட "போச்சு" சேர்ந்தாத்தான் பேச்சு.

ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டி, அவன் சொல்றதையெல்லாம் தேதி போட்டு எழுதி வை. "மம்மு", "தாச்சி", நாய்க்கு "பௌ", எல்லாம் கணக்குதான். எப்பவும் ஒரே பொருளுக்குச் சொன்னா அது சொல்லு. ஆயாகிட்ட கத்துக்கிட்ட தெலுங்கையும் அதே தாள்ல எழுது. தமிழை விட்டுட்டு ஒரே பாஷை பேசுங்கன்னு யாரோ சொன்னாங்களாமே, விட வேணாம். ரெண்டு பாஷையால பேச்சு தாமதமாகாது.

ரெண்டு வயசுல சுமாரா 50 சொல்லு இருக்கணும், ரெண்டு ரெண்டா சேர்க்கவும் ஆரம்பிக்கணும். நான் பொங்கலப்போ நாலு நாளும் எண்ணினேன் கவி. ஆறு. உன்கிட்ட சொல்லல.

உன் மாமியார் "இவங்கப்பனே மூணு வயசுலதான் பேசினான்"னு சொன்னப்போ நீ தலையாட்டின. நான் எழுந்து அடுக்களைக்குப் போயிட்டேன். ஏன்னா அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கேன். தம்பிக்கு.

உனக்கு அப்போ ஏழு வயசு, ஞாபகம் இருக்கும். அவன் நாக்குல வசம்பு தேய்ச்சேன், வேண்டிக்கிட்டேன், "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்"னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். பட்டாசு வெடிச்சா திரும்பினான், தட்டு விழுந்தா திரும்பினான், அதனால காது நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். பெரிய சத்தம் கேட்கும், ச மாதிரி மெல்லிய ஒலி கேட்காதுன்னு ஒரு குறை உண்டுன்னு எனக்குத் தெரியல. "செருப்பை எடுத்துட்டு வா"ன்னா எடுத்துட்டு வந்தான். நான் சொல்லும்போதே என் கை செருப்பைக் காட்டுதுங்கறதை நான் கவனிக்கல. அவன் என் கையைப் படிச்சான், முகத்தைப் படிச்சான். நாலு வயசுலதான் காதுல மெஷின் வந்தது. ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் மடியில வெச்சுப் பேச வெச்சவ, என் பிள்ளைக்கு ரெண்டு வருஷத்தைத் தொலைச்சேன். இன்னிக்கும் அவன் எங்க போனாலும் இடது காது நம்ம பக்கம் இருக்கற மாதிரிதான் உட்காரறான். பார்க்கும்போதெல்லாம் வயிறு பிசையுது.

செழியனுக்கு அப்படித்தான்னு நான் சொல்லல. விரல் நீட்டிக் காட்டறான், கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான், அதெல்லாம் நல்ல அடையாளம். நீ ஒண்ணு செஞ்சு பாரு. கையைக் கட்டிக்கிட்டு, செருப்புப் பக்கமே பார்க்காம, அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு, சாதாரணக் குரல்ல சொல்லு. எடுத்துட்டு வந்தாலும் காது டெஸ்ட்டை விட்டுடாதே, வீட்டுல பார்க்கறது டெஸ்ட் ஆகாது. பிறந்தப்போ பாஸ்னு குடுத்த சீட்டு இப்போ போதாது. சளி பிடிச்சுப் பிடிச்சு உள்ளே நீர் கோத்திருந்தாலும் காது மந்தமாகும். காது கேட்கறதைப் பார்க்கற ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேளு. தூங்க வெச்சு எடுக்கற பெரா டெஸ்ட் தேவையான்னு அவங்களே சொல்லுவாங்க. அப்படியே பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்டயும் காட்டு. பழமும் பருப்பும் அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், நாளைக்கே ஆரம்பி. ரெண்டு மூணு மாசத்துல அந்தத் தாள் நிறையலைன்னாலோ, வந்த சொல்லு ஏதாவது நின்னு போனாலோ, உடனே அவங்ககிட்ட திரும்பக் காட்டு, அடுத்த பொங்கல்னு தள்ளாதே. காது டெஸ்ட்டை மறக்காதே. பணம் வேணும்னா சொல்லு.

சனிக்கிழமை தம்பி அங்க வர்றான். தேன்குழல் ஒரு டப்பா குடுத்து விடறேன், பிள்ளை கடிக்கற மாதிரி மெல்லிசாப் பிழிஞ்சிருக்கேன். மூடியைக் கொஞ்சம் இறுக்கமாவே போட்டிருக்கேன். டப்பாவை நீ திறக்காம செழியன் கையில குடு. திறக்க முடியாம உன்கிட்ட கொண்டு வந்து நீட்டுவான். அப்போ தரையில உட்காந்துக்கோ.

அம்மா